பேச்சில்லாமல் வந்த வளர்ச்சி அட்டைப் படம்: பெர்சன்டைல் கோடுகளைப் படிக்கும் முன்

போனில் ஒரு படம் வந்து விழுகிறது. குழந்தையின் வளர்ச்சி அட்டையில் ஒரு பக்கம். இடமிருந்து வலமாக மேலேறும் ஐந்து வளைகோடுகள், அவற்றுக்கு நடுவே பேனாவால் வைத்த நான்கு புள்ளிகள். முதல் மூன்று புள்ளிகள் ஏறிப் போகின்றன. நான்காவது, மூன்றாவதின் அதே உயரத்தில் நிற்கிறது. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் இல்லை. அனுப்பியவர் மகளோ மருமகளோ தங்கையோ, யாராக இருந்தாலும், படத்தை அனுப்பிவிட்டு மௌனமாகிவிட்டார்.

வார்த்தை இல்லாத இடத்தை நம் மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். ‘ஏதோ சரியில்லை, சொல்லத் தயங்குகிறாள்’ என்று ஒருவருக்குத் தோன்றும். ‘பதினைந்துதான் எடுத்திருக்கிறது’ என்று பரீட்சை மார்க்கைப் போல இன்னொருவர் படிப்பார். அந்த அட்டை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டுமே அவசர முடிவுகள் என்பது புரியும். அடியிலிருந்து தொடங்கி, கடைசியில் இதே நான்கு புள்ளிகளுக்குத் திரும்பி வரலாம்.

நூறு பேர் நிற்கும் வரிசை

ஒரே வயதுள்ள நூறு பெண் குழந்தைகளை எடையின்படி வரிசையாக நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மிக லேசான குழந்தை இடது ஓரத்தில், மிகக் கனமான குழந்தை வலது ஓரத்தில். இடமிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒரு குழந்தை எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, அதுதான் ஏறக்குறைய அதன் பெர்சன்டைல். தமிழ்ப் பாடநூல்கள் இதை நூற்றுமானம் என்கின்றன. 15-வது பெர்சன்டைல் என்றால், ஆரோக்கியமான நூறு குழந்தைகளில் சுமார் 15 பேர் இந்தக் குழந்தையைவிட லேசானவர்கள், மீதி 85 பேர் கனமானவர்கள் என்று பொருள்.

இது சதவீதம் இல்லை. 15-வது பெர்சன்டைலில் உள்ள குழந்தை ‘இருக்க வேண்டிய எடையில் 15 சதவீதம்தான்’ இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கணக்கைப் பாருங்கள். 6 மாதம் முடிந்த பெண் குழந்தைக்கு நடுக்கோட்டு எடை 7.3 கிலோ. 15-வது கோடு 6.4 கிலோ. அதாவது 15-வது பெர்சன்டைலில் உள்ள குழந்தையின் எடை நடு எடையில் சுமார் 88 சதவீதம். வித்தியாசம் ஒரு கிலோகூட இல்லை.

இன்னொரு குழப்பம், 50 என்ற நடுக்கோட்டை எட்ட வேண்டிய இலக்காக நினைப்பது. வரிசை என்றிருந்தால் அதில் பாதிப் பேர் நடுவுக்கு இடப்பக்கம்தான் நின்றாக வேண்டும். யாரும் 3-வது கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதும் இதே தவறுதான். அந்தக் கோடு வரையப்பட்ட விதத்திலேயே ஆரோக்கியமான நூறு குழந்தைகளில் மூன்று பேர் அதற்குக் கீழே வருவார்கள். கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தால் ‘இவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்’ என்று அர்த்தம். நோய் என்று அர்த்தமில்லை.

அந்த நூறு பேர் யார்?

உலகின் பல நாடுகளில் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பயன்படுவது, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து அதை உருவாக்கினார்கள். கையில் கிடைத்த குழந்தைகளையெல்லாம் அளக்கவில்லை. தாய் புகைபிடிக்காதவர், குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்கிறது, வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்கு வறுமையோ நோயோ இல்லை என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், பழைய அட்டைகள் ஒரு நாட்டில் குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்று காட்டின. இது, நல்ல சூழ்நிலையில் குழந்தை எப்படி வளரும் என்று காட்டுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேகமாக எடை போடும், பிறகு சற்று நிதானமாகும். அந்த வளைவு இந்தக் கோடுகளுக்குள்ளேயே இருக்கிறது. பவுடர் பால் குடித்த குழந்தைகள் அதிகமாகச் சேர்ந்த பழைய அட்டையில் அதே குழந்தையைக் குறித்தால், நான்காம் மாதத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் சரிவதுபோலத் தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெர்சன்டைல் என்பது வரிசையில் ஓர் இடம். அது மார்க் கிடையாது, சதவீதமும் கிடையாது. அந்த வரிசையில் நிற்கும் எல்லோருமே ஆரோக்கியமான குழந்தைகள்.

வரிசையில் எல்லோரும் ஒரே இடைவெளியில் நிற்பதில்லை

பெர்சன்டைல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பேசும்போது தவறு நடப்பது இங்கேதான். வரிசையின் நடுவில் கூட்டம் நெரிசலாக இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் நடு எடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டு ஓரங்களுக்குப் போகப் போக ஆட்கள் குறைந்து இடைவெளி அகலும்.

அதனால் நடுவில் நிற்கும் குழந்தையின் எடை கொஞ்சம் மாறினாலும் இடம் நிறைய மாறும். 6 மாதப் பெண் குழந்தை 7.3 கிலோ என்றால் 50-வது இடம். 200 கிராம் குறைந்து 7.1 கிலோ என்றால் ஏறக்குறைய 41-வது இடம். கிட்டத்தட்ட ஒன்பது பேரைத் தாண்டிப் பின்னால் வந்துவிட்டது. ஆனால் அந்த 200 கிராம் என்பது சிறுநீர் நனைத்த ஒரு டயப்பரும், அப்போதுதான் குடித்து முடித்த பாலும் சேர்ந்த அளவுதான்.

ஓரத்தில் கதை தலைகீழ். அதே வயதில் 3-வது கோடு 5.8 கிலோ. அங்கிருந்து 200 கிராம் குறைந்தால் எண் 3-இலிருந்து ஒன்றரைக்கு வரும். கேட்பதற்கு ‘ஒன்றரைதானே குறைந்தது’ என்று இருக்கும். உண்மையில் இரண்டு குழந்தைகளிடமும் குறைந்தது அதே 200 கிராம், கவனிக்க வேண்டியது இரண்டாவது குழந்தையை. ‘50-இலிருந்து 41-க்கு விழுந்துவிட்டது’ என்று பதறுகிறவர்களும் ‘3-இலிருந்து ஒன்றரைக்குத்தான் வந்தது’ என்று சமாதானமாகிறவர்களும் ஒரே ரப்பர் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் ஏமாறுகிறார்கள்.

இந்த ரப்பர்தன்மையைத் தவிர்க்கத்தான் சில அட்டைகளில் பெர்சன்டைலுக்குப் பதில் இசட் ஸ்கோர் கோடுகள் இருக்கும். இசட் ஸ்கோர் என்பது நடுக்கோட்டிலிருந்து எத்தனை படி மேலே அல்லது கீழே என்று சொல்லும் எண். நடு 0. கீழே -1, -2, -3. மேலே 1, 2, 3. இதில் -2 என்ற கோடு ஏறக்குறைய பெர்சன்டைல் அட்டையின் 2-வது, 3-வது இடத்துக்குச் சமம். அதற்குக் கீழே வயதுக்கேற்ற எடை குறைவு என்று கணக்கிடுகிறார்கள். -2 என்று பார்த்ததும் குழந்தை இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. அது கிலோ இல்லை, படி.

படத்துக்குள் வராமல் போனவை

அட்டையைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் அதைப் படமாகப் பார்ப்பதற்கும் வித்தியாசம் பெரிது. படம் எடுப்பவர் புள்ளிகள் தெளிவாக விழ வேண்டும் என்று நெருங்கிப் போய் எடுப்பார். புள்ளிகள் விழுந்துவிடும். அவற்றுக்கு அர்த்தம் தருகிற ஓரங்கள் வெளியே நின்றுவிடும்.

மேல் ஓரத்தில் தலைப்பு இருக்கும். வயதுக்கேற்ற எடையா, வயதுக்கேற்ற நீளமா, தலைச் சுற்றளவா, நீளத்துக்கேற்ற எடையா என்று அது சொல்லும். நான்கு பக்கங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றிலும் மேலேறும் வளைகோடுகள்தான். தலைப்பு வெட்டுப்பட்ட படத்தில் தலைச் சுற்றளவுப் புள்ளியை எடை என்று எடுத்துக்கொண்டு, ‘பிள்ளை நன்றாகத் தேறிவிட்டது’ என்று மகிழ்வது நடக்கக்கூடியதுதான். கீழே உள்ள எண்கள் வாரமா, மாதமா என்பதையும் ஓரத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

ஆண் குழந்தை அட்டையும் பெண் குழந்தை அட்டையும் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டையில் ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. கறுப்பு வெள்ளை நகலில் அந்த நிறம் தெரியாது. தவறான தாளில் குறித்தால் எவ்வளவு மாறும்? 6 மாதத்தில் 6.6 கிலோ என்பது பெண் குழந்தைகள் வரிசையில் ஏறக்குறைய 20-வது இடம். அதே 6.6 கிலோவை ஆண் குழந்தைகள் தாளில் வைத்தால் 5-வது இடத்துக்கு இறங்கிவிடும். குழந்தை மாறவில்லை, தாள்தான் மாறியது.

வலது ஓரத்தில் ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அதன் பெயர் இருக்கும். பெர்சன்டைல் அட்டையில் 3, 15, 50, 85, 97. இசட் ஸ்கோர் அட்டையில் -3 தொடங்கி 3 வரை. இங்கே ஒரு வேடிக்கையான பொறி இருக்கிறது. ‘3’ என்ற எண் இரண்டு அட்டையிலும் உண்டு. பெர்சன்டைல் அட்டையில் அது மிகக் கீழே உள்ள கோடு, இசட் ஸ்கோர் அட்டையில் மிக மேலே உள்ள கோடு. ‘புள்ளி 3-க்குப் பக்கத்தில் இருக்கிறது’ என்று போனில் சொன்னால், கேட்பவருக்கு மெலிந்த குழந்தையா, மிகப் பருத்த குழந்தையா என்றே தெரியாது. வேறு சில அட்டைகளில் 5, 10, 25, 50, 75, 90, 95 என்று ஏழு கோடுகள். ‘மேலிருந்து மூன்றாவது கோடு’ என்பது உலக சுகாதார நிறுவன அட்டையில் 50, இந்த அட்டையில் 75.

கோணத்தையும் மறந்துவிடக் கூடாது. சாய்த்துப் பிடித்த போனில் தாளின் ஒரு பக்கம் விரிந்தும் எதிர்ப் பக்கம் சுருங்கியும் விழும். அப்படி எடுத்த படத்தில் கடைசிப் புள்ளி கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று திரையை விரித்து விரித்துப் பார்ப்பதில் பயன் இல்லை. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது அட்டையின் அளவைப் பொறுத்து நூறு கிராமுக்கு மேலேயும் போகலாம், பேனா முனையின் தடிமனே பாதி மில்லிமீட்டர். புள்ளியை விட்டுவிட்டு, அந்தப் புள்ளியை வைக்கக் காரணமான எண்ணைக் கேட்பதுதான் நல்லது. தேதி, கிலோ, சென்டிமீட்டர் எழுதிய அட்டவணை அதே அட்டையின் வேறொரு பக்கத்தில் இருக்கும்.

சுருக்கமாக: தலைப்பு, ஆணா பெண்ணா என்பது, கோட்டின் பெயர், வயதின் அலகு. இந்த நான்கும் படத்தில் இல்லையென்றால், அந்தப் படத்தை இன்னும் படிக்க முடியாது.

நான்கு புள்ளிகளைப் பிரித்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் பார்த்த படத்துக்கு வருவோம். உதாரணத்துக்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள் இவை. பெண் குழந்தை, நிறைமாதத்தில் ஜனவரி 5 அன்று பிறந்தது. பிறந்தபோது 3.1 கிலோ. 2 மாதத்தில் 5.0 கிலோ. 4 மாதத்தில் 6.6 கிலோ. 6 மாதம் என்ற இடத்தில் வைத்த கடைசிப் புள்ளியும் 6.6 கிலோ.

படத்தை அப்படியே நம்பினால் கதை பயமூட்டுகிறது. பிறந்தபோதும் 2 மாதத்திலும் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, 40-வது இடத்தை ஒட்டி. 4 மாதத்தில் நடுக்கோட்டைத் தாண்டி 60-வது இடம். 6 மாதத்தில் 20-வது இடம். இரண்டு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை, நாற்பது பேர் முந்திப் போய்விட்டார்கள்.

இப்போது அட்டவணைப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். கடைசி முறை எடை பார்த்த தேதி ஜூன் 16. ஜனவரி 5-இலிருந்து ஜூன் 16 வரை எண்ணினால் 5 மாதமும் 11 நாளும்தான். புள்ளி எப்படி 6-இல் போய் உட்கார்ந்தது? வயதென்ன என்று கேட்டபோது ‘ஆறாவது மாதம் நடக்கிறது’ என்று சொல்லியிருப்பார்கள். நம் பேச்சில் ஆறாவது மாதம் நடக்கிறது என்றால் ஐந்து முடிந்திருக்கிறது என்றுதானே பொருள்? அட்டை கேட்பது நடப்பு மாதத்தை இல்லை, முடிந்த மாதத்தை. இந்த ஒரு மாத வழுக்கல் புள்ளியை வலப்பக்கம் தள்ளிவிடும். வலப்பக்கம் போனால் கோடுகள் மேலே ஏறியிருக்கும், அதனால் புள்ளி கீழே இறங்கியதுபோலத் தெரியும். 6.6 கிலோவை அதன் உண்மையான வயதில், அதாவது 5-க்கும் 6-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்தால், அது 20-வது இடத்திலிருந்து ஏறக்குறைய 30-வது இடத்துக்கு ஏறுகிறது.

அடுத்தது மூன்றாவது புள்ளி. அது மே 7-ஆம் தேதி, 4 மாதமும் 2 நாளும். வயது சரியாகவே இருக்கிறது. ஆனால் முந்தைய இரண்டு புள்ளிகளோடு ஒட்டாமல் அது மட்டும் துள்ளி நிற்கிறது. வரிசையில் ஒன்று மட்டும் துள்ளினால் முதலில் எடை மெஷினையும் உடுப்பையும்தான் சந்தேகிக்க வேண்டும். அன்று குழந்தை அழுததால் தடித்த உடுப்போடும் நனைந்த டயப்பரோடும் எடை பார்த்தார்கள் என்று தாய் சொல்கிறார். அவை இரண்டும் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், தடித்த உடுப்புக்கு அது மிகையில்லை. அப்படியானால் குழந்தையின் எடை 6.2 கிலோதான். 4 மாதத்தில் 6.2 கிலோ என்பது 40-வது இடம், முந்தைய புள்ளிகளோடு ஒத்துப்போகிறது.

இப்போது திருத்திய கதை இது: 40, 40-க்குச் சற்று மேல், 40, 30. மே 7-க்கும் ஜூன் 16-க்கும் இடையே 40 நாள், ஏறிய எடை 400 கிராம். ‘இரண்டு மாதத்தில் ஒன்றுமே ஏறவில்லை’ என்றிருந்தது, ‘40 நாளில் நாளுக்கு 10 கிராம்’ என்று ஆகிவிட்டது.

இங்கே இன்னொரு பக்கத்துக்கும் வழுக்கிவிடக் கூடாது. தவறு கண்டுபிடித்தாயிற்று, எல்லாம் சரி என்று கோப்பை மூடினால் அதுவும் அவசரம்தான். நடுக்கோடு அதே 40 நாளில் 600 கிராமுக்கு மேல் ஏறியிருக்கிறது, இந்தக் குழந்தை 400. சற்று நிதானம் என்பது உண்மை. பயப்படும் அளவு நிதானமா என்பதை இந்த நான்கு புள்ளிகளால் தீர்மானிக்க முடியாது. உடுப்பின் எடையே நம் ஊகம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இடத்தைவிடப் பாதை முக்கியம்

ஒற்றைப் புள்ளி குழந்தை இன்று வரிசையில் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லும். பல புள்ளிகளைச் சேர்த்தால்தான் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். 10-வது இடத்தில் பிறந்து, 10-வது இடத்தை ஒட்டியே ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை பெரும்பாலும் தன் பாதையில்தான் போகிறது. 85-இலிருந்து நான்கு மாதத்தில் 30-க்கு வந்த குழந்தை, இன்னும் ‘நடுவுக்குப் பக்கத்தில்’ இருந்தாலும், விசாரிக்க வேண்டிய குழந்தை. படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதல் குழந்தைக்குக் கவலைப்பட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

அதே சமயம் எல்லா நகர்வும் ஆபத்தில்லை. பிறந்த எடை பெருமளவு கருப்பையின் சூழ்நிலையைக் காட்டுகிறது. வெளியே வந்தபின் குழந்தை தன் உடல்வாகுக்கேற்ற பாதையைத் தேடிக்கொள்ளும். அதனால் முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் பல குழந்தைகள் ஒரு கோட்டை மெதுவாகக் கடப்பார்கள், சிலர் மேலே, சிலர் கீழே. ‘இரண்டு கோடு தாண்டினால் பார்க்க வேண்டும்’ என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். அதைப் பயன்படுத்தும் முன் எந்த அட்டையின் கோடுகள் என்று கேட்க வேண்டும். ஐந்து கோட்டு அட்டையில் 85-இலிருந்து 15 வரை விழுந்தால்தான் இரண்டு இடைவெளி. ஏழு கோட்டு அட்டையில் 50-இலிருந்து 10-க்கு வந்தாலே இரண்டு இடைவெளி முடிந்துவிடும்.

முதல் வாரத்துப் புள்ளியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பிறந்த சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பத்து சதவீதத்துக்குள் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஐந்தாம் நாள் எடையைப் பிறந்த எடையோடு கோடு போட்டு இணைத்தால் அந்தக் கோடு கீழ்நோக்கித்தான் போகும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதையே வேறுவிதமாக எண்ண வேண்டும். எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணிய வயதில் கழிக்க வேண்டும். இதைத் திருத்திய வயது என்பார்கள். 40 வாரத்துக்குப் பதில் 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்து 6 மாதம் ஆனபோது திருத்திய வயது சுமார் 4 மாதம். பொதுவாக 2 வயது வரை இப்படிக் கழிப்பார்கள். 5.8 கிலோ உள்ள அப்படிப்பட்ட பெண் குழந்தையை 6 மாதத்தில் குறித்தால் 3-வது கோட்டின் மேல் நிற்கும். 4 மாதத்தில் குறித்தால் 15-வது கோட்டைத் தாண்டி நிற்கும். படத்தில் இந்தக் கழித்தலைச் செய்தார்களா என்று எழுதியிருக்காது, கேட்டால்தான் தெரியும்.

எடை மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வயதுக்கேற்ற எடைப் பக்கத்துக்குக் குழந்தை நெட்டையா குட்டையா என்று தெரியாது. நீளம் குறைவான குழந்தைக்கு எடையும் குறைவாக இருப்பது பொருத்தம்தான். அது மெலிவா, பொருத்தமா என்பதை நீளத்துக்கேற்ற எடைப் பக்கம்தான் சொல்லும். ஆனால் நீள அளவை எடையைவிட அதிகம் தவறும். குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முட்டியை நேராக்கி அளக்க வேண்டும். ஒருவரே நாடாவை வைத்து அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சாதாரணமாக மாறும். ‘இந்த மாதம் உயரம் குறைந்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நாடா சுருங்கியதா என்று கேட்கலாம், குழந்தை நிச்சயம் சுருங்கியிருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் அட்டையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, சிறுநீர் வெகுவாகக் குறைந்திருக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது என்றால், புள்ளி 50-இல் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பதில் எழுதும்போது

மௌனமாக வந்த படத்துக்கு என்ன பதில் எழுதுவது? அனுப்பியவர் கவலையில் அனுப்பியிருக்கலாம். மகிழ்ச்சியில் அனுப்பியிருக்கலாம். கிளினிக்கில் ஒரு கையில் அழும் குழந்தை, மறு கையில் பை, எழுத நேரமில்லாமல் படத்தை மட்டும் தட்டிவிட்டிருக்கலாம். எது என்று படத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ‘ஏன் இளைத்துவிட்டது?’ என்பதும் ‘பால் பத்தவில்லை போல’ என்பதும் கேள்விபோல இருந்தாலும் தீர்ப்புகள்தான். பாலூட்டும் தாய்க்கு இரண்டாவது வாக்கியம் அந்த வாரத்தையே கெடுத்துவிடும்.

‘படம் பார்த்தேன்மா. டாக்டர் என்ன சொன்னாங்க? அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?’ இவ்வளவு போதும். மருத்துவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், நாம் காகிதத்தின் படத்தைப் பார்த்திருக்கிறோம். பதில் வந்தபின் தேவைப்பட்டால் எண்கள் எழுதிய பக்கத்தைக் கேட்கலாம்.

படத்தைப் பார்த்த வேகத்தில் உணவு மாற்றத்தைச் சொல்லக் கூடாது. பவுடர் பால் சேர்க்கச் சொல்வது, 6 மாதம் முடியும் முன்பே திட உணவு தொடங்கச் சொல்வது, பவுடரைக் கூடுதலாகக் கெட்டியாகக் கரைக்கச் சொல்வது, மூன்றுமே ஒரு தவறான புள்ளியால் நடந்துவிடக்கூடியவை. காரணமில்லாமல் பவுடர் பால் சேர்த்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் பால் சுரப்பும் குறையும். பொய்யாகத் தெரிந்த குறை அப்போது நிஜமாகவே ஆரம்பமாகும். கெட்டியாகக் கரைத்த பவுடர் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமை.

அட்டையில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண் எல்லாம் இருக்கும். கருத்துக் கேட்கிறேன் என்று குடும்பக் குழுவுக்கு அனுப்பும் முன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குழந்தைக்கு அடுத்த எடை

நம் உதாரணக் குழந்தைக்கு மருத்துவர் நான்கு வாரம் கழித்து, ஜூலை 14-இல் மறுபடியும் எடை பார்க்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று 6 மாதமும் 9 நாளும் ஆகியிருக்கும். அதே மெஷின், மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு, உடுப்பும் டயப்பரும் இல்லாமல், முடிந்தால் முந்தைய முறைபோலவே பால் குடிப்பதற்கு முன். அப்படி எடுத்த இரண்டு எடைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

அன்று 6.9 கிலோ காட்டினால் நான்கு வாரத்தில் 300 கிராம் ஏறியிருக்கிறது. புள்ளி 30-வது இடத்தை ஒட்டியே விழும். குழந்தை தன் புதிய பாதையில் நிலைத்துவிட்டது என்று மருத்துவர் அமைதியாகலாம்.

6.6 கிலோவே காட்டினால் அந்தப் புள்ளி அட்டையில் 15-வது கோட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதை மட்டும் படமெடுத்து அனுப்பினால், ‘கோட்டுக்கு மேலேதானே இருக்கிறது’ என்று எல்லோரும் நிம்மதியாகப் பதில் போடுவார்கள். ஆனால் இந்த முறை தேதி சரி, உடுப்பு இல்லை, மெஷின் அதே மெஷின், நான்கு வாரத்தில் ஏற்றம் பூஜ்யம். குழந்தை மார்பை எப்படிப் பிடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை முறை குடிக்கிறது, எத்தனை டயப்பர் நனைகிறது, இணை உணவு எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவது இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான்.